கருவியைவிடக் குறுகலான வாசல்: கடைவாய்ப்பல்லின் வேர்க்கவையில் எலும்பு கரையும்போது

முன்பல்லுக்கு வேர் ஒன்று. கீழ்க் கடைவாய்ப்பல்லுக்கு முன்னும் பின்னுமாக இரண்டு வேர்கள். மேல் கடைவாய்ப்பல்லுக்குக் கன்னப்பக்கம் இரண்டு, அண்ணப்பக்கம் ஒன்று என மூன்று. இந்த வேர்கள் ஒரே அடிமரமாகக் கிளம்பி, சற்றுக் கீழே போய்ப் பிரிகின்றன. பிரியும் அந்த இடத்தைப் பல் மருத்துவமனைகளில் ஃபர்கேஷன் என்பார்கள். கவட்டைக் கழிபோலப் பிரிவதால் இங்கே வேர்க்கவை என்று சொல்வோம். நல்ல ஆரோக்கியத்தில் இந்தக் கவை முழுக்க எலும்புக்குள் புதைந்திருக்கும். ஈறு நோய் முற்றி எலும்பு கீழிறங்கும்போது ஒரு கட்டத்தில் கவையின் வாசல் திறந்துவிடுகிறது. அன்றிலிருந்து அந்தப் பல்லின் கணக்கே வேறு.

காரணம் வாசலின் அளவு. பவர் என்ற ஆய்வாளர் 1979-ல் முதல் கடைவாய்ப்பற்களின் கவை வாசல்களை அளந்து வெளியிட்டார். 81 சதவீத வாசல்களின் அகலம் 1 மி.மீ. அல்லது அதற்கும் குறைவு. 58 சதவீதம் முக்கால் மி.மீ.யைத் தாண்டவில்லை. வேரைச் சுரண்டிச் சுத்தம் செய்யும் வழக்கமான க்யூரெட்டின் அலகோ 0.75 முதல் 1.1 மி.மீ. வரை அகலம் கொண்டது. பாதிக்கும் மேற்பட்ட கவைகளுக்குள் கருவி நுழையவே முடியாது என்பதுதான் இதன் பொருள். எவ்வளவு திறமையான கை பிடித்தாலும் இந்தக் கணக்கு மாறாது. நுழைந்தாலும் உள்ளே சுவர் சமமாக இல்லை. கீழ் முதல் கடைவாய்ப்பல்லின் முன் வேர், கவையைப் பார்த்த பக்கத்தில் வாய்க்கால்போலக் குழிந்திருக்கும். பவர் பார்த்த முன் வேர்கள் அத்தனையிலும் அந்தக் குழிவு இருந்தது. அதில் படியும் காரையின், அதாவது கல்லாக இறுகிய பல் அழுக்கின், மேல் நேரான அலகு பாலம்போலக் கடந்து போய்விடும்.

பின்னால் வரும் ஒவ்வொரு சிகிச்சையையும் இந்த ஒரே கேள்வியை வைத்துப் புரிந்துகொள்ளலாம்: கருவியும் பிரஷும் போகாத அந்த இடத்தை என்ன செய்வது? போகும்படி மாற்றலாம், எலும்பால் நிரப்பி மூடலாம், அல்லது ஒரு வேரை எடுத்துக் கவையையே இல்லாமல் செய்யலாம்.

முதலில் அளக்க வேண்டும். பல்லுக்கும் ஈறுக்கும் நடுவே நோயால் உண்டாகும் ஈறுப்பையின் ஆழத்தை அளக்கும் நேரான புரோப் இங்கே உதவாது. அது மேலிருந்து கீழே மட்டும் போகும், கவையோ பக்கவாட்டில் உள்ளே போகிறது. அதற்கென்று இருப்பது நேபர்ஸ் புரோப். கொக்கிபோல வளைந்தது, முனை மழுங்கலானது. 3 மி.மீ.க்கு ஒரு முறை நிறம் மாறும் பட்டைகள் போட்டதையே வாங்க வேண்டும். பட்டை இல்லாத புரோப்பால் கவை திறந்திருக்கிறதா என்று மட்டும் சொல்லலாம், எவ்வளவு தூரம் என்று சொல்ல முடியாது.

கீழ்ப் பல்லில் கன்னப்பக்கமும் நாக்குப்பக்கமும் என இரண்டு வாசல்கள், இரண்டுமே பல்லின் அகலத்தில் ஏறத்தாழ நடுவில் இருக்கின்றன. புரோப்பின் முனையைப் பல்லோடு ஒட்டி ஈறின் விளிம்புக்குள் விட்டு, அடிமரத்தில் ஓடும் மெல்லிய பள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கீழே இறக்க வேண்டும். முனை ஒரு விளிம்பைத் தாண்டித் தடக்கென்று உள்வாங்கும் இடம்தான் வாசல். அங்கே கைப்பிடியைச் சுழற்றினால் வளைந்த முனை வேர்களுக்கு நடுவே கிடைமட்டமாகப் போகும். எங்கே தட்டி நிற்கிறதோ அங்கே பட்டையைப் படிக்கலாம். அழுத்தம் 25 கிராம் எடை அளவு போதும். வீங்கிய சதையில் அதற்குமேல் அழுத்தினால் முனை சதையைக் கிழித்துக்கொண்டு எலும்புவரை போய், இல்லாத ஆழத்தைக் காட்டும். முதல் நாள் எடுத்த அளவை முடிவான அளவாக எடுத்துக்கொள்ளாமல், சுத்தம் செய்து வீக்கம் வடிந்த பிறகு மறுபடி எடுப்பது இதனால்தான்.

மேல் பல்லில்தான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன. அங்கே மூன்று வாசல்கள். கன்னப்பக்க வாசல் எளிது. முன்பக்க வாசல் பல்லின் நடுவில் இல்லாமல் அண்ணத்தை நோக்கித் தள்ளி இருக்கிறது. கன்னப்பக்கத்திலிருந்து புரோப்பை விட்டால் அது வாசலை எட்டுவதற்கு முன்பே நின்றுவிடும், கோப்பில் பாதிப்பு இல்லை என்று பதிவாகும். அதை அண்ணப்பக்கத்திலிருந்துதான் தேட வேண்டும். பின்பக்க வாசல் ஏறத்தாழ நடுவில் இருப்பதால் இரண்டு பக்கமிருந்தும் போகலாம். பக்கத்துப் பல் நெருக்கமாக இருந்தாலோ, தடித்த கேப் போட்டிருந்தாலோ இந்த இரண்டு வாசல்களையும் தொடுவதே சிரமம். சந்தேகம் வந்தால் மரத்துப்போகும் ஊசி போட்டுவிட்டு அளப்பது நல்லது.

எக்ஸ்ரே இதற்கு மாற்று ஆகாது. கீழ்ப் பல்லில் இரண்டு வேர்களுக்கு நடுவே கறுப்பாகத் தெரிந்தால் கவை திறந்திருக்கலாம் என்று நம்பலாம். ஆனால் ஒரு பக்கத்து எலும்பு மட்டும் கரைந்து மறுபக்கத்து எலும்பு நின்றுகொண்டிருந்தால் படத்தில் ஒன்றுமே தெரியாமல் போகும். மேல் பல்லில் அண்ணப்பக்க வேர் குறுக்கே விழுந்து மறைக்கிறது. முன்பக்க, பின்பக்க வாசல்களின் மேல் ஒரு சிறு முக்கோண நிழல் விழுவதுண்டு, அதைக் கவை அம்பு என்பார்கள். அம்பு தெரிந்தால் சந்தேகிக்கலாம். தெரியாவிட்டால் கவை நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டக் கூடாது. மேல் பல்லில் அறுவைக்குத் திட்டமிடும்போது முப்பரிமாணப் படமான சிபிசிடி எடுப்பது பயன் தரும்.

அளந்ததைப் பதிவு செய்ய இரண்டு முறைகள் புழக்கத்தில் உள்ளன. 1953-ல் வந்த கிளிக்மன் முறையில் நான்கு நிலைகள். அதில் மூன்றாவதற்கும் நான்காவதற்கும் ஒரே ஒரு வேறுபாடுதான்: எலும்பு இரண்டிலும் ஊடுருவக் கரைந்திருக்கிறது, மூன்றில் ஈறு மூடியிருக்கிறது, நான்கில் ஈறும் இறங்கி ஓட்டை கண்ணுக்கே தெரிகிறது. 1975-ல் ஹாம்ப், நைமன், லிண்டே மூவரும் தந்த முறை மி.மீ. கணக்கில் போகிறது. கிடைமட்டமாக 3 மி.மீ.க்குள் போனால் முதல் நிலை. 3 மி.மீ.யைத் தாண்டியும் மறுபக்கம் வெளிவராவிட்டால் இரண்டாம் நிலை. ஊடுருவிப் போனால் மூன்றாம் நிலை. அடுத்த முறை வேறொருவர் அளந்தாலும் ஒப்பிட முடிவதால் இதையே பயன்படுத்துவது நல்லது என்பது எங்கள் கருத்து.

மூன்றாம் நிலையைத் தவறவிட ஓர் எளிய வழி உண்டு. வளைந்த புரோப் ஒரே பக்கத்திலிருந்து முழுத் தூரமும் போகாது. கன்னப்பக்கம் 5, நாக்குப்பக்கம் 5 என்று எழுதிவிட்டு இரண்டுக்கும் இரண்டாம் நிலை என்று போடுவது அடிக்கடி நடக்கிறது. கவை இருக்கும் மட்டத்தில் பல்லின் குறுக்களவே 9 மி.மீ.தான் என்றால் இந்த இரண்டு அளவுகளும் உள்ளே சந்தித்தாயிற்று. கூட்டிப் பார்த்தாலே அது மூன்றாம் நிலை என்று தெரிந்துவிடும்.

கிடைமட்ட அளவோடு இன்னொன்றும் வேண்டும். வேர்கள் பிரியத் தொடங்கும் இடமான கவையின் கூரையிலிருந்து எலும்பு எவ்வளவு கீழே இறங்கியிருக்கிறது? டார்னோவும் ஃபிளெச்சரும் 1984-ல் இதை மூன்றாகப் பிரித்தார்கள்: 3 மி.மீ. வரை ஏ, 4 முதல் 6 வரை பி, 7-ம் அதற்கு மேலும் சி. கிடைமட்ட அளவு ஒன்றாகவே இருக்கும் இரண்டு பற்களில், எலும்பு 2 மி.மீ. இறங்கியதும் 7 மி.மீ. இறங்கியதும் ஒரே விதமாகப் பிழைப்பதில்லை.

நிலைகள் வெறும் பெயர்கள் அல்ல என்பதற்கு நிபாலி குழு 2016-ல் பல ஆய்வுகளைத் திரட்டிப் போட்ட கணக்கே சான்று. சிகிச்சை பெற்றுத் தொடர் பராமரிப்பில் இருந்தவர்களில், முதல் நிலைக் கடைவாய்ப்பற்களில் 8 சதவீதமும், இரண்டாம் நிலையில் 18 சதவீதமும், மூன்றாம் நிலையில் 30 சதவீதமும் விழுந்தோ எடுக்கப்பட்டோ போயின. இதே எண்களைத் திருப்பிப் படித்தால், ஊடுருவிப் போன கவையுள்ள பற்களிலும் 10-ல் 7 நின்றிருக்கின்றன. கவை திறந்துவிட்டது என்ற ஒரே காரணத்துக்காகப் பல்லை எடுத்துவிட்டு இம்பிளான்ட் வைக்கச் சொல்வதை ஏற்க முடியாது. ஐரோப்பிய ஈறு நோய்க் கூட்டமைப்பு 2020-ல் வெளியிட்ட சிகிச்சை நெறிமுறையும், இரண்டாம், மூன்றாம் நிலைக் கவை பல்லை எடுக்கக் காரணம் ஆகாது என்றுதான் சொல்கிறது.

ஒரு பல்லை வைத்துப் பார்ப்போம். 52 வயதுக்காரர், புகைப்பழக்கம் இல்லை, 8 ஆண்டுகளாகச் சர்க்கரை நோய். கீழ் வலது முதல் கடைவாய்ப்பல், கோப்பில் அதன் எண் 46. கறி சாப்பிட்டால் நார் சிக்குகிறது, இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஈறு வீங்கித் தானே வடிகிறது என்கிறார். கன்னப்பக்க நடுவில் ஈறுப்பை 6 மி.மீ., தொட்டவுடன் ரத்தம். நேபர்ஸ் புரோப் கன்னப்பக்கம் 5 மி.மீ. உள்ளே போகிறது, நாக்குப்பக்கம் 2 மி.மீ. கூட்டினால் 7, பல்லின் குறுக்களவை எட்டவில்லை. ஆகவே கன்னப்பக்கம் இரண்டாம் நிலை, நாக்குப்பக்கம் முதல் நிலை. கூரையிலிருந்து எலும்பு 3 மி.மீ. கீழே. பல் ஆடவில்லை.

இந்த இடத்தில் ஒரு சோதனையை விடவே கூடாது. பல் உயிரோடு இருக்கிறதா? பல்லின் உள் அறையிலிருந்து கவையின் கூரை வழியாக வெளியே வரும் மிக நுண்ணிய கிளைக் குழாய்கள் பல கடைவாய்ப்பற்களில் இருக்கின்றன. நரம்பு செத்து அறையில் கிருமி சேர்ந்தால் அது அந்த வழியாக இறங்கிக் கவையில் எலும்பைக் கரைக்கும். எக்ஸ்ரேயில் அச்சு அசலாக ஈறு நோய்போலவே தெரியும். வாயின் மற்ற பற்களில் எலும்பு நன்றாக இருந்து ஒரே பல்லின் கவையில் மட்டும் பள்ளம் என்றால் முதலில் இதைத்தான் சந்தேகிக்க வேண்டும். அப்படிப்பட்ட பல்லுக்கு ரூட் கேனால் செய்துவிட்டுச் சில மாதங்கள் பொறுத்தால், கவையில் எலும்பு தானாகவே திரும்பி வருவதுண்டு. அதற்குமுன் வேரைச் சுரண்டினால், திரும்பி ஒட்டிக்கொள்ள வேண்டிய இழைகளைச் சுரண்டி எடுத்தவர்களாவோம். நம் நோயாளியின் 46 குளிர்ச் சோதனைக்குப் பக்கத்துப் பல்லைப் போலவே கூசி, உடனே அடங்குகிறது. தட்டினால் வலி இல்லை. நரம்பு நலம், பிரச்சினை ஈறிலிருந்து வந்தது.

முதல் கட்டம் அறுவை இல்லாதது. பிரஷ் பழக்கத்தைச் சரிசெய்து, மெல்லிய அல்ட்ராசோனிக் முனையாலும் அலகு சிறுத்த க்யூரெட்டாலும் ஈறுக்கு அடியில் காரையை எடுப்பது. சாதாரணத் தடித்த முனை வாசலிலேயே நின்றுவிடும், அரை மி.மீ. பருமனுள்ள மெல்லிய முனைதான் உள்ளே போகும். சர்க்கரைக்கு மருத்துவரிடம் அனுப்பி, 8.4-ல் இருந்த எச்பிஏ1சி 7-க்குக் கீழே வருகிறது. முதல் நிலைக் கவைகள் பெரும்பாலும் இந்தக் கட்டத்தோடு அடங்கிவிடும். மூன்று மாதம் கழித்து மறுபடி அளக்கிறோம். ஈறுப்பை 6-லிருந்து 5. நாக்குப்பக்கம் ரத்தம் நின்றுவிட்டது. கன்னப்பக்கக் கவை மட்டும் அதே 5 மி.மீ., இன்னும் ரத்தம் வருகிறது. உள்ளே எட்டாத இடத்தில் காரை மிச்சம் இருக்கிறது.

இனி அறுவை. எந்த அறுவை என்பதற்கு மூன்று விஷயங்களைப் பார்க்க வேண்டும். கவை அடைபட்ட குகைபோல ஒரே பக்கம் திறந்திருக்கிறதா? பல்லின் முன்னும் பின்னும் நிற்கும் எலும்பு கவையின் கூரையைவிட உயரத்தில் இருக்கிறதா? ஈறு மூடும் அளவுக்குத் தடிப்பாக இருக்கிறதா? மூன்றுக்கும் ஆம் என்றால் எலும்பை வளர்த்துக் கவையை மூடப் பார்க்கலாம். இரண்டாவது கேள்விதான் முக்கியம். புது எலும்புக்கு வேண்டிய செல்களும் ரத்த ஓட்டமும் சுற்றியுள்ள எலும்பிலிருந்து வர வேண்டும். பக்கத்துச் சுவர்கள் கூரைக்குக் கீழே இறங்கிவிட்டால், கூரைவரை எலும்பு ஏறாது. 46-ல் பக்கத்து எலும்பு கூரையைவிட 2 மி.மீ. உயரத்தில் நிற்கிறது. கீழ்த் தாடையின் இரண்டாம் நிலைக் கவையும், மேல் தாடையில் கன்னப்பக்க இரண்டாம் நிலைக் கவையும்தான் இந்தச் சிகிச்சைக்குப் பலன் தருபவை.

ஊசி போட்டு, பல்லிடைச் சதை முனைகள் சேதமாகாமல் ஈறைக் கீறி எலும்பைத் தாண்டி விலக்குகிறோம். கவைக்குள் இருக்கும் சிவந்த அழற்சிச் சதையை முழுவதும் எடுத்தால்தான் கூரை கண்ணுக்குத் தெரியும். பல நேரங்களில் அங்கே ஒரு விஷயம் வெளிப்படும்: பல் கிரீடத்தின் எனாமல், நாக்கு நீட்டியதுபோல அடிமரத்தில் இறங்கிக் கவை வாசல்வரை வந்திருக்கும். எனாமலில் ஈறு இழை ஒட்டாது. நோய் கீழே இறங்க அது போட்டுக்கொடுத்த பாதை. அதை விட்டுவிட்டு எலும்புத் துகள் வைத்தால் வைத்தது தங்காது. வைரப் பர் என்ற நுண்ணிய சுழல் முனையால் அந்த எனாமலைச் செதுக்கி எடுத்துவிட வேண்டும். பிறகு வைரத் தூள் பூசிய மெல்லிய முனையால் கூரையையும் வேர்க் குழிவையும் சுத்தம் செய்கிறோம்.

நிரப்புவதற்கு எனாமல் புரத ஜெல், எலும்புத் துகள், கரையும் சவ்வு ஆகியவை தனித்தோ சேர்த்தோ பயன்படுகின்றன. ஜெல் என்றால், வேர்ப் பரப்பில் 24 சதவீத ஈடிடிஏ என்ற சுத்திகரிப்பு மருந்தை 2 நிமிடம் வைத்துக் கழுவி, ரத்தம் படுவதற்குள் ஜெல்லைத் தடவ வேண்டும். ரத்தம் முந்திக்கொண்டால் புரதம் வேரில் படியாது. சவ்வு வைத்தால் அது வாசலைத் தாண்டி எல்லாப் பக்கமும் 2 முதல் 3 மி.மீ. நல்ல எலும்பின்மேல் படிய வேண்டும். துகளைத் திணித்து நிரப்புவது ஒரு பொதுத் தவறு, இடுக்கில் ரத்தக்கட்டி நிற்க இடம் வேண்டும். கடைசியாக ஈறைப் பழைய இடத்தைவிடச் சற்று மேலே ஏற்றி, இழுவிசை இல்லாமல் தைக்கிறோம். இழுத்துத் தைத்த ஈறு ஒரு வாரத்தில் கீழிறங்கி வாசலைத் திறந்துவிடும். இந்தச் சிகிச்சை தோற்கும் வழிகளில் இதுவே அதிகம்.

இரண்டு வாரத்தில் தையல் பிரிக்கலாம். அதுவரை அந்தப் பக்கம் பிரஷ் கூடாது, குளோர்ஹெக்சிடின் கொப்பளிப்பு காலையும் இரவும். ஆறு மாதத்துக்கு அந்த இடத்தில் புரோப் விடக் கூடாது. ஆவலில் மூன்றாம் மாதமே அளந்தால், வளர்ந்துகொண்டிருக்கும் இளஞ்சதையை நாமே கிழிப்போம்.

எதிர்பார்ப்பும் சரியாக இருக்க வேண்டும். 1988-ல் பொன்டோரியேரோ குழு கீழ்த் தாடையின் இரண்டாம் நிலைக் கவைகளில் சவ்வு வைத்தபோது 21-ல் 14 முழுவதும் மூடின, வெறும் அறுவை செய்த 21-ல் 2 மட்டுமே. அதற்குப் பின் வந்த பல ஆய்வுகளில் இவ்வளவு முழு மூடல் கிடைக்கவில்லை. இரண்டாம் நிலை முதல் நிலைக்குக் குறைவதுதான் வழக்கமான பலன். 46-க்கும் அதைத்தான் எதிர்பார்க்கிறோம்: 5 மி.மீ. கவை 2-க்கு வந்தால் பிரஷுக்கும் கருவிக்கும் எட்டாத குகை இல்லாமல் போகும். நோயாளியிடம் முழு மூடலை உறுதி கூறாமல் இதையே சொல்ல வேண்டும்.

இதே பல் ஊடுருவப் போயிருந்தால் எலும்பு வளர்ப்பதில் பயன் இல்லை. அப்போது வாசலைப் பெரிதாக்குவது ஒரு வழி. ஈறையும் எலும்பையும் இறக்கி வைத்து, கவையை இருபக்கமும் திறந்த சுரங்கமாக்கி, பல்லிடை பிரஷ் ஊடே போய் வரும்படி செய்கிறோம். கீழ்ப் பல்லில், அடிமரம் குட்டையாகவும் வேர்கள் அகன்று விரிந்தும் இருந்தால்தான் இது நடக்கும். இதன் பலவீனம் சொத்தை. கூரையில் எனாமல் கிடையாது, எச்சில் எளிதில் கழுவாத இடம். தினமும் பிரஷோடு ஃபுளோரைடு ஜெல்லும் உள்ளே போக வேண்டும். கைவிரல் அந்தப் பழக்கத்துக்கு ஒத்துவராதவருக்குச் சுரங்கம் வெட்டாமல் இருப்பதே நல்லது.

மற்றொரு வழி வேரை எடுப்பது. மேல் முதல் கடைவாய்ப்பல்லில் பின் கன்னப்பக்க வேர்தான் அதிகம் எடுக்கப்படுவது. மூன்றில் அதுதான் சிறியது, மற்ற இரண்டும் பல்லைத் தாங்கும். வேரைத் தொடுமுன் ரூட் கேனால் முடிந்திருக்க வேண்டும். வெட்டும்போது கூரையின் விளிம்பு ஒரு உதடுபோல மிஞ்சினால் அடியில் மறுபடி அழுக்கு சேரும். வெட்டிய இடத்தில் எக்ஸ்ரே எடுத்து, புரோப்பால் தடவிப் பார்த்து, விளிம்பு இல்லை என்று உறுதி செய்த பிறகே தைக்க வேண்டும். கீழ்ப் பல்லில் பாதியை எடுத்தால் மிஞ்சும் வேர் ஒன்றே முழுச் சுமையும் தாங்குகிறது. பல ஆண்டுகள் கழித்து இத்தகைய பற்களை இழப்பதற்கு ஈறு நோயைவிட வேர் விரிசலும் சொத்தையுமே பெரும்பாலும் காரணம்.

அடிமரத்தின் நீளத்தில் ஒரு முரண் இருக்கிறது. குட்டை அடிமரம் என்றால் கவை சீக்கிரம் திறந்துவிடும், ஆனால் கீழே வேர் நிறைய மிச்சம் இருப்பதால் வெட்டவோ சுரங்கம் ஆக்கவோ இடம் உண்டு. நெட்டை அடிமரம் பல ஆண்டுகள் காப்பாற்றும். அது திறக்கும்போது ஏற்கெனவே எலும்பில் கணிசமான பங்கு போயிருக்கும், வேரைப் பிரித்தால் மிஞ்சுவது குட்டையான தூண்கள். மேல் தாடையின் பின்பக்க வாசல், எனாமல் எல்லையிலிருந்து சுமார் 5 மி.மீ. தள்ளி இருப்பது, இப்படிப்பட்டது. அங்கே வாசல் திறந்துவிட்டது என்று கேட்டவுடன் வேர் எத்தனை மி.மீ. எலும்புக்குள் நிற்கிறது என்று அடுத்த கேள்வி எழ வேண்டும்.

பல்லை எடுக்கச் சொல்வது எப்போது? செங்குத்து இழப்பு 7 மி.மீ.யைத் தாண்டி, பல் மேலும் கீழும் அமுங்கி ஆடினால். வேரில் விரிசல் தெரிந்தால். மூன்று வேரிலும் எலும்பு ஒன்றுபோலக் கரைந்து, எதை எடுத்தாலும் மற்றது நிற்காது என்றால்.

46 நிற்கிறது. மூன்று மாதத்துக்கு ஒரு முறை வருகிறார். ஒவ்வொரு முறையும் கன்னப்பக்கக் கவையில் மெல்லிய முனை ஒரு சுற்று போகிறது, ஆண்டுக்கு இரண்டு முறை நேபர்ஸ் புரோப்பால் அளந்து பழைய எண்ணின் பக்கத்தில் எழுதுகிறோம். 1 மி.மீ. கூடுவது அளவுப் பிழையாக இருக்கலாம். 2 மி.மீ. கூடி ரத்தமும் வந்தால், முதலில் குளிர்ச் சோதனையைத் திரும்பச் செய்து நரம்பைப் பார்த்துவிட்டு, பிறகு சர்க்கரை அளவைக் கேட்கிறோம்.